அம்புக்குறி ஏன் துள்ளுகிறது?

கணினியில் கணக்குத் தாள் ஒன்றை நிரப்பிக்கொண்டிருக்கிறார் ஒருவர். அடுத்த கட்டத்துக்குப் போக வயர்லெஸ் மவுஸை நகர்த்துகிறார். அம்புக்குறி பாதி வழியில் நின்றுவிடுகிறது. அரை நொடி கழித்து, ஒரே தாவலில் அவர் நினைத்த கட்டத்துக்குப் போய்ச் சேருகிறது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று புது செல் வாங்கிப் போடுகிறார். மறுநாளும் அதே தொல்லை. பக்கத்து மேசைக்காரருக்குப் பிரச்சினை வேறு மாதிரி. மவுஸிலிருந்து கையை எடுத்த பிறகும் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. சில சமயம் யாரும் தொடாமலே கொஞ்சம் நகர்ந்தும் விடுகிறது. அவரும் முதலில் செல்லைத்தான் மாற்றுகிறார்.

கடைக்காரரிடம் இருவரும் சொல்வது ஒன்றுதான்: "கர்சர் குதிக்குதுங்க." ஆனால் இவை இரண்டும் ஒரே கோளாறு அல்ல. முதலாமவரின் மவுஸ் நன்றாகத்தான் பார்க்கிறது. அது அனுப்பும் செய்திதான் வழியில் மாட்டிக்கொள்கிறது. இரண்டாமவரின் மவுஸ் செய்தியைச் சரியாகவே அனுப்புகிறது. அதன் பார்வையில்தான் பழுது. அம்புக்குறி எந்த விதத்தில் தவறு செய்கிறது என்று கவனித்தாலே, பழுது எங்கே என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு மவுஸ் கணினியிடம் என்ன சொல்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

இருக்கும் இடம் தெரியாத கருவி

தான் மேசையில் எங்கே இருக்கிறோம் என்பது மவுஸுக்குத் தெரியாது. அம்புக்குறி திரையில் எங்கே நிற்கிறது என்பதும் தெரியாது. சற்று முன்பு இருந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தோம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். மவுஸைத் தூக்கி ஒரு முழம் தள்ளி வைத்தாலும் அம்புக்குறி ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்பது இதனால்தான்.

பழைய டவுன் பஸ் ஒன்றின் தரையில் ஓட்டை விழுந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சன்னல்கள் எல்லாம் அடைத்திருக்கின்றன. அந்த ஓட்டை வழியாகக் கீழே உள்ள சாலை மட்டும் தெரிகிறது. எந்த ஊர், எந்த நிறுத்தம் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் சாலையின் ஜல்லிகளும் வெடிப்புகளும் பின்னோக்கி ஓடுவதைப் பார்த்து, வண்டி முன்னே போகிறது, இன்ன வேகத்தில் போகிறது என்று அவரால் சொல்ல முடியும். ஒளியியல் மவுஸ் செய்யும் வேலை இதுதான்.

மவுஸைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சின்னக் குழி ஒன்று தெரியும். அதற்குள் ஒரு எல்.இ.டி. விளக்கு, ஒரு பிளாஸ்டிக் வில்லை, அதற்கு மேலே ஒளியுணரி என்னும் சில்லு. விளக்கின் ஒளி மேசை மீது நேராக விழுவதில்லை, சாய்வாக விழுகிறது. சாயங்கால வெயிலில் சின்னக் கல்லுக்கும் நீண்ட நிழல் விழும் அல்லவா, அதே காரணத்தால் தாளின் நார்களும் மரப்பலகையின் நுண்ணிய மேடுபள்ளங்களும் இந்தச் சாய்ந்த ஒளியில் நிழல் காட்டுகின்றன. கைக்கு வழவழப்பாகத் தெரியும் வெள்ளைத் தாள், ஒளியுணரிக்கு மேடும் பள்ளமுமாகத்தான் தெரிகிறது.

அந்த நிழல்களைத்தான் ஒளியுணரி படம் எடுக்கிறது. ஏஜிலன்ட் நிறுவனம் தயாரித்து, ஏராளமான மவுஸ்களில் இடம்பெற்ற ஏ.டி.என்.எஸ்.-2610 என்ற சில்லை எடுத்துக்கொள்வோம். அது எடுக்கும் படம் நெடுக்கில் 18, குறுக்கில் 18, ஆக மொத்தம் 324 புள்ளிகள்தான். கைபேசிப் படத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் நொடிக்கு 1,500 படங்கள் எடுக்கிறது. ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தைய படத்தின் மேல் வைத்து, ஒரு புள்ளி வலப்பக்கம், ஒரு புள்ளி இடப்பக்கம், மேலே, கீழே என்று தள்ளித் தள்ளிப் பார்க்கிறது. எந்த நிலையில் இரண்டும் மிக நன்றாகப் பொருந்துகின்றனவோ, அந்த அளவுக்கு மவுஸ் நகர்ந்திருக்கிறது என்று முடிவு செய்கிறது.

இதை வெறும் விளக்கமாக நம்ப வேண்டியதில்லை. ஒளியுணரிச் சில்லுகள் பலவற்றில், அவை பார்க்கும் படத்தையே வெளியே வாங்கிப் பார்க்க வழி இருக்கிறது. மின்னணுவியலில் ஆர்வம் உள்ளவர்கள் பழைய மவுஸைப் பிரித்து, அதன் சில்லை ஆர்டுயினோ பலகையோடு இணைத்து, அந்த 18-க்கு 18 படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார்கள். தாளை வைத்தால் கருப்பும் சாம்பலுமாகத் திட்டுகள் தெரியும். தாளை நகர்த்தினால் திட்டுகளும் நகரும். 'பரப்புத் தரம்' என்று ஓர் எண்ணையும் சில்லு தருகிறது. அடையாளம் கண்டுகொள்ளத் தக்க திட்டுகள் அந்த நொடியில் எத்தனை தெரிகின்றன என்பதன் அளவு அது. அந்த எண் விழுந்தால் மவுஸ் தடுமாறும்.

முதல் ஒளியியல் மவுஸ்களால் வெறும் மேசையைப் படிக்க முடியவில்லை. 1980-இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ரிச்சர்ட் லயன் உருவாக்கிய மவுஸுக்குப் புள்ளிகள் அச்சிட்ட தனித் தாள் தேவைப்பட்டது. அதே காலத்தில் ஸ்டீவ் கிர்ஷ் உருவாக்கிய மவுஸுக்குக் கட்டம் போட்ட தனிப்பலகை வேண்டியிருந்தது. நிழல்களைப் படம் எடுத்து ஒப்பிடும் முறை 1999-இல் மைக்ரோசாப்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்புளோரர் வழியாகக் கடைகளுக்கு வந்த பிறகுதான், கிடைத்த மேசையில் வைத்து ஓட்டும் சுதந்திரம் வந்தது. அந்தச் சுதந்திரத்துக்கு ஒரே நிபந்தனை: மேசையில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

கண்ணில் விழுந்த தூசி

பஸ் தரை ஓட்டையின் விளிம்பில் ஒரு காய்ந்த இலை ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? சாலை ஓடிக்கொண்டிருக்கும், இலை மட்டும் அசையாமல் நிற்கும். பார்ப்பவர் இலையைக் கவனித்தால் வண்டி நிற்கிறது என்றே நினைப்பார். ஒளியுணரியின் குழியில் ஒரு தலைமுடியோ பஞ்சு நூலோ மாட்டினால் நடப்பதும் இதுவே. மனிதர் என்றால் இலையை இலை என்று தெரிந்து ஒதுக்கிவிடுவார். 324 புள்ளிகள் மட்டுமே பார்க்கும் சில்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அடுத்தடுத்த படங்களில் அதே முடி அதே இடத்தில் இருப்பதால், 'நகரவில்லை' என்ற விடையும் நன்றாகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. கை பத்து சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும், சில்லின் கணக்கில் ஏழோ எட்டோதான் வரும்.

முடியின் ஒரு முனை மட்டும் ஒட்டி, மறுமுனை தொங்கிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். மின்விசிறிக் காற்றில் அந்த முனை ஆடும். மேசை அசையவில்லை, மவுஸ் அசையவில்லை. ஆனால் படத்தில் ஏதோ அசைகிறது. சில்லு அதை நகர்வு என்று கணக்கிட்டு அனுப்பிவிடுகிறது. கையை எடுத்த பிறகும் அம்புக்குறி நடுங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அழுக்கு இன்னொரு வழியிலும் கெடுக்கிறது. வில்லை, தனக்குக் கீழே குறிப்பிட்ட தூரத்தில் உள்ள பரப்பை மட்டும் தெளிவாகக் காட்டும்படி அமைக்கப்பட்டது. ஏ.டி.என்.எஸ். வகைச் சில்லுகளில் அந்தத் தூரம் சுமார் 2.4 மில்லிமீட்டர். ஏறினாலும் இறங்கினாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இடம் தரும். மவுஸின் அடியில் உள்ள வழவழப்பான கால்பட்டைகளில், கையின் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருப்பாக ஒரு படிவு உண்டாகும். அது அரை மில்லிமீட்டர் தடிமன் வந்துவிட்டால் மவுஸ் தூக்கலாக நிற்கும். ஒரு பக்கம் மட்டும் படிந்திருந்தால் சாய்ந்து நிற்கும். படம் மங்கிவிடும். மவுஸை ஒரு திசையில் நகர்த்தும்போது மட்டும் தகராறு வந்தால், இந்தச் சாய்வு காரணமாக இருக்கலாம்.

சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. மவுஸை அணைத்து, செல்லை எடுத்துவிட்டு, குழியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கேமரா துடைக்க விற்கும் ரப்பர் ஊதி இருந்தால் அதனால் இரண்டு முறை ஊதினாலே முடி வெளியே வந்துவிடும். வாயால் ஊதினால் எச்சில் துளி வில்லையில் படும். ஒட்டிய அழுக்கை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காது குடையும் பஞ்சுக் குச்சியால் மெல்ல எடுக்கலாம். நகப்பூச்சு அழிக்கும் திரவமும் தின்னரும் பக்கத்திலேயே வரக்கூடாது. பிளாஸ்டிக் வில்லை அவற்றால் நிரந்தரமாக மங்கிப் போகும். குண்டூசியால் குடைவதும் வேண்டாம். வில்லையில் விழும் கீறலை எடுக்க முடியாது.

கண்ணாடி போட்ட மேசை

வில்லை சுத்தமாக இருந்தும் மவுஸ் தடுமாறினால் அடுத்தது மேசை. நம் ஊர் அலுவலகங்களில் மேசை மேல் கண்ணாடி விரித்து, அதற்கடியில் காலண்டர் தாள், தொலைபேசி எண் பட்டியல், சாமி படம் எல்லாம் வைத்திருப்பார்கள். நம் கண்ணுக்கு அந்த எழுத்துகள் தெளிவாகத் தெரிவதால், மவுஸுக்கும் தெரியும் என்று நினைக்கத் தோன்றும். தெரியாது. சுத்தமான கண்ணாடியின் மேற்பரப்பில் நிழல் விழும்படி மேடுபள்ளம் ஏதும் இல்லை. ஒளி உள்ளே புகுந்து அடியில் உள்ள தாளில் படுகிறது. ஆனால் கண்ணாடி 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால், அந்தத் தாள் வில்லை தெளிவாகக் காட்டக்கூடிய எல்லைக்கு வெகு கீழே போய்விடுகிறது. மேலே பார்க்க எதுவும் இல்லை, கீழே இருப்பது மங்கல். அதனால் மவுஸ் சில நேரம் ஓடும், சில நேரம் நிற்கும். கண்ணாடியில் கைரேகையும் தூசியும் படிந்த இடத்தில் மட்டும் அது நன்றாக ஓடுவதைக்கூடப் பார்க்கலாம்.

ஒரே உருவம் திரும்பத் திரும்ப அச்சிட்ட பரப்பும் ஏமாற்றும். பளபளப்பான பத்திரிகை அட்டையை உருப்பெருக்கியில் பார்த்தால், வண்ணப் புள்ளிகள் சீரான இடைவெளியில் வரிசையாக இருக்கும். ஒரு புள்ளி அளவு தள்ளி வைத்தாலும் படம் முன்போலவே பொருந்தும். முன்னால் போனதா, பின்னால் போனதா என்பதில் சில்லுக்குக் குழப்பம் வந்து, அம்புக்குறி எதிர்த் திசையில்கூட ஒரு துள்ளு துள்ளும்.

கண்ணாடியில் ஓடும் மவுஸ் இல்லாமல் இல்லை. 2009-இல் லாஜிடெக் 'டார்க்ஃபீல்டு' என்ற முறையைக் கொண்டுவந்தது. கண்ணாடி மேல் உள்ள கண்ணுக்குத் தெரியாத தூசிகளையும் நுண்கீறல்களையும், இருண்ட பின்னணியில் ஒளிரும் புள்ளிகளாகப் பார்க்கும் முறை அது. சாதாரண மவுஸில் அந்த வசதி கிடையாது. அதற்கு ஒரு வெள்ளைத் தாள் போதும். கோடு போடாத தாள் ஒன்றைக் கண்ணாடி மேல் விரித்து மவுஸை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். தொல்லை நின்றுவிட்டால் குற்றம் மேசையுடையது.

காற்றில் போகும் கணக்கு

ஒளியுணரி கணக்கிட்ட நகர்வை இப்போது கணினிக்குச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் 6, மேலே 2 என்ற அளவில், சின்னச் சின்னச் செய்திகளாக அது போகிறது. வழக்கமான மவுஸில் கணினி இந்தச் செய்தியை நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒரு முறை கேட்டு வாங்குகிறது. கம்பி உள்ள மவுஸில் இது கம்பி வழியே போகும். வயர்லெஸ் மவுஸில் ரேடியோ அலையாகக் கிளம்பி, யு.எஸ்.பி. துளையில் செருகிய நகமளவு ரிசீவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

இங்கேதான் நோயை அடையாளம் காண உதவும் முக்கியமான விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு செய்தியின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். செய்தியில் உள்ள எண்களைக் கொண்டே அது கணக்கிடப்படுகிறது. ரிசீவர் அந்தக் கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கும். விடை ஒத்துவரவில்லை என்றால் வழியில் சத்தம் கலந்து செய்தி சிதைந்துவிட்டது என்று அதை அப்படியே தள்ளிவிடும். சரியாக வந்தால் மட்டுமே 'கிடைத்தது' என்று மவுஸுக்குப் பதில் அனுப்பும். பதில் வராவிட்டால் மவுஸ் திரும்ப அனுப்பும். அதற்குள் கை இன்னும் நகர்ந்திருந்தால், அந்த நகர்வும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே ரேடியோ குறுக்கீட்டால் அம்புக்குறி நிற்கும், தாமதிக்கும், பிறகு சேர்த்து வைத்த நகர்வை எல்லாம் ஒரே தாவலில் முடித்து, ஏறக்குறையச் சேர வேண்டிய இடத்துக்கே போய்ச் சேரும். குறுக்கீடு மிகக் கடுமையாக இருந்தால் சில செய்திகள் அடியோடு தொலைந்து, அம்புக்குறி கொஞ்சம் குறைவாகப் போகும். ஆனால் சும்மா இருக்கும் மவுஸின் அம்புக்குறியை நடுங்க வைக்கவோ, கை வலப்பக்கம் போகையில் அதை இடப்பக்கம் துள்ள வைக்கவோ குறுக்கீட்டால் அநேகமாக முடியாது. சிதைந்த செய்தியைச் சரிபார்ப்பு எண் காட்டிக்கொடுத்துவிடும். பொய்யான நகர்வு வருகிறது என்றால், அது ஒளியுணரியிலிருந்தே வருகிறது.

நீலத் துளைக்குப் பக்கத்தில்

வயர்லெஸ் மவுஸ்கள் பெரும்பாலும் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் பேசுகின்றன. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்த திறன் கொண்ட கருவிகள் இந்த வரிசையை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். அதனால் இங்கே கூட்டம் அதிகம். வைஃபையின் பழைய வரிசையும் புளூடூத்தும் இதற்குள்தான். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய 2,450 மெகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. இத்தனை பேருக்கு நடுவே பேசுவதற்காகவே, மவுஸும் ரிசீவரும் ஒரு தடத்தில் நெரிசல் என்றால் வேறு தடத்துக்கு மாறிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். சாதாரண வீட்டில் வைஃபை மட்டுமே மவுஸை முடக்கிவிடுவது அபூர்வம்.

அதிகம் பேர் கவனிக்காத எதிரி கணினியின் துளையிலேயே இருக்கிறது. வேகமான யு.எஸ்.பி. 3.0 துளை பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும். அதன் வழியாக நொடிக்கு 500 கோடி ஒன்றுகளும் பூச்சியங்களும் போகும். ஒன்று, பூச்சியம், ஒன்று, பூச்சியம் என்று மாறி மாறிப் போனால் ஒரு ஜோடி சேர்ந்து ஓர் அலை. ஆக நொடிக்கு 250 கோடி அலைகள், அதாவது 2,500 மெகாஹெர்ட்ஸ். உண்மையான தகவல் இவ்வளவு ஒழுங்காக மாறி மாறி வராது என்பதால், அதன் சத்தம் ஒரே இடத்தில் நிற்காமல் இரண்டு பக்கமும் அகலமாகப் பரவுகிறது. மவுஸின் அலைவரிசை முழுவதும் அந்தச் சத்தத்துக்குள் வந்துவிடுகிறது. வேறு தடத்துக்கு மாறித் தப்பிக்கவும் வழி இல்லை.

இதை 2012-இல் இன்டெல் நிறுவனமே அளந்து அறிக்கையாக வெளியிட்டது. யு.எஸ்.பி. 3.0 ஹார்டு டிஸ்க் ஒன்றைக் கணினியில் இணைத்ததும், 2,400 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் பின்னணிச் சத்தம் ஏறக்குறைய 20 டெசிபெல் உயர்ந்தது. நூறு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு என்று அதற்குப் பொருள். சத்தம் கணினியின் துளையிலிருந்தும், டிஸ்க்கின் இணைப்பியிலிருந்தும், கேபிளிலிருந்தும் கசிகிறது.

மவுஸின் ஒலிபரப்புத் திறன் சுமார் ஒரு மில்லிவாட். அது ஒரு மீட்டர் தள்ளி, மேசை மேல் இருக்கிறது. சத்தம் போடும் டிஸ்க்கின் இணைப்பியோ ரிசீவருக்கு இரண்டு சென்டிமீட்டர் பக்கத்தில். போதாக்குறைக்கு, மேசைக் கணினி என்றால் ரிசீவர் பெரும்பாலும் பின்பக்கத் துளையில், இரும்புப் பெட்டிக்கு மறுபுறம் ஒளிந்திருக்கும். கேட்க வேண்டிய குரல் தொலைவில், கெடுக்கும் சத்தம் காதருகில்.

தீர்வும் இதிலிருந்தே கிடைக்கிறது. ரேடியோ அலையின் வலு, தூரம் பத்து மடங்கானால் ஏறத்தாழ நூறில் ஒன்றாகக் குறையும். சாதாரண யு.எஸ்.பி. 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளால் ரிசீவரை மேசை மேலே கொண்டுவந்து, மவுஸிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால், சத்தம் பல மடங்கு தளர்கிறது, குரல் பல மடங்கு ஓங்குகிறது. மடிக்கணினி என்றால், டிஸ்க் ஒரு பக்கம், ரிசீவர் மறுபக்கம் என்று பிரித்துச் செருகினாலே பெரும்பாலும் போதும்.

செல்லின் கணக்கு

இனி எல்லாரும் முதலில் சந்தேகப்படும் செல். புதிய அல்கலைன் செல் 1.5 வோல்ட் தரும். ரேடியோச் சில்லுக்கும் விளக்கிற்கும் இது போதாது. அதனால் ஒற்றைச் செல் மவுஸ்களில், மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் ஒரு சிறு சுற்று உள்ளே இருக்கும். செல் 1.1 வோல்ட்டுக்கு இறங்கினாலும் உள்ளே தேவையான மின்னழுத்தம் அப்படியே கிடைக்கும். செல் தளர்ந்துகொண்டே போனாலும் மவுஸ் படிப்படியாக மந்தமாகாமல் கடைசி வரை சரியாகவே ஓடுவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் கடைசிக் கட்டம் திடீரென்று வரும். மின்னழுத்தம் குறையக் குறைய, அதே வேலைக்கு அந்தச் சுற்று செல்லிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. பழைய செல்லுக்குள் அகமின்தடை, அதாவது மின்னோட்டத்தைச் செல்லே தடுக்கும் தன்மை, ஏற்கெனவே கூடியிருக்கும். கூடுதலாக இழுக்கும்போது மின்னழுத்தம் இன்னும் சரிகிறது. சரிந்ததால் இன்னும் இழுக்கிறது. ஒரு கட்டத்தில் சில்லு தன்னைத்தானே அணைத்து மீண்டும் தொடங்குகிறது. அம்புக்குறி ஓரிரு நொடி செத்துக் கிடந்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். அணைந்திருந்த நேரத்தில் கை நகர்ந்தது கணக்கில் வராததால், எட்டிப் பிடிக்கும் தாவல் இங்கே இருக்காது. ரேடியோக் குறுக்கீட்டுக்கும் தளர்ந்த செல்லுக்கும் உள்ள வித்தியாசம் அது.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஓய்வில் இருக்கும் செல்லின் மின்னழுத்தம் கொஞ்சம் மீண்டு எழும். காலையில் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அதன் பிறகு அடிக்கடி அறுந்தால் செல் முடிவை நெருங்கிவிட்டது. இதே காரணத்தால், செல்லைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 1.3 வோல்ட் என்று காட்டி நம்மை ஏமாற்றும். சுமை ஏறும்போதுதான் அதன் உண்மை நிலை தெரியும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் நிறைந்திருக்கும்போதே பெரும்பாலும் 1.2 வோல்ட் அளவில்தான் நிற்கும். அல்கலைனுக்கு என்று கணித்துத் திரையில் காட்டும் பேட்டரி விழுக்காட்டை அதில் நம்ப முடியாது.

செல் புதிதாக இருந்தும் தொடர்பு அறுந்தால், செல் உட்காரும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். கசிந்த செல் அங்கே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். அல்கலைன் கசிவு காரத்தன்மை உள்ளது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஈரம் போக நன்றாக உலர விட்ட பிறகுதான் செல் போட வேண்டும். சிறிது நேரம் தொடாமல் இருந்துவிட்டு நகர்த்தும்போது முதல் அசைவில் மட்டும் வரும் சின்னத் தயக்கம் கோளாறு அல்ல. மின்சாரம் மிச்சப்படுத்தத் தூங்கிய மவுஸ் விழித்துக்கொள்ளும் நேரம் அது.

ஒரு வட்டம் சொல்லும் செய்தி

இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படிப் பிரித்தறிவது? ஒரு டி.டி.பி. கடையின் மேசையை வைத்துப் பார்ப்போம். மேசை மேல் கண்ணாடி. கணினிப் பெட்டி கீழே. ரிசீவர் பின்பக்கத் துளையில். அதன் பக்கத்துத் துளையில், வாடிக்கையாளர் கோப்புகளைப் பிரதி எடுத்து வைக்கும் ஹார்டு டிஸ்க். மவுஸ் காலையில் கொஞ்சம் தடுமாறுகிறது, மாலையில் தாங்க முடியவில்லை.

முதலில் கம்பி உள்ள மவுஸ் ஒன்றைச் செருகிப் பார்க்க வேண்டும். அதிலும் அம்புக்குறி உறைந்தால் பிரச்சினை கணினியில். மவுஸைப் பழிக்க வேண்டாம். அது ஒழுங்காக ஓடினால் அடுத்த சோதனை. விண்டோஸ் அமைப்பில் Enhance pointer precision என்பதை அணைத்துவிட வேண்டும். அது இருந்தால் வேகமாக நகர்த்தும்போது அம்புக்குறி கூடுதல் தூரம் போகும், அளவு பிசகும். பிறகு மவுஸின் விளிம்பை ஒட்டி மேசையில் ஒரு அடையாளம் இட்டு, பெயிண்ட் நிரலில் பொத்தானை அழுத்தியபடி பெரிய வட்டம் ஒன்றை வரைந்து, மவுஸைத் திருப்பாமல் அதே அடையாளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

மவுஸ் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிட்டது. ஆகவே திரையில் கோடும் தொடங்கிய இடத்துக்கு அருகில் வந்து மூட வேண்டும். மூடாமல் விலகி நின்றால் நகர்வில் ஒரு பகுதியை ஒளியுணரி பார்க்கவில்லை என்று பொருள். இந்த மேசையில் காலையில் அப்படித்தான் வருகிறது. கண்ணாடி மேல் வெள்ளைத் தாளை ஒட்டியதும் வட்டம் மூடுகிறது. காலைத் தொல்லைக்குக் காரணம் கண்ணாடி.

மாலையில் தாள் மேலேயே அதே வட்டத்தை வரைந்தால், வளைவு இருக்க வேண்டிய இடங்களில் நேர்க்கோடுகள். கோடு ஏறக்குறைய மூடுகிறது, ஆனால் வட்டம் பலகோணமாகிவிட்டது. செய்தி தாமதமானபோது சேர்ந்த நகர்வு முழுவதும் ஒரே எண்ணாக வந்ததால், அது நேர்க்கோடாக விழுந்திருக்கிறது. கண் சரி, வழியில்தான் தடை. அந்த நேரத்தில் ஹார்டு டிஸ்க்கில் பிரதி ஓடிக்கொண்டிருக்கிறது. அதை முறைப்படி துண்டித்தால் வட்டம் வழவழப்பாகிறது. மீண்டும் செருகிப் பிரதியை ஓடவிட்டு, ரிசீவரை மட்டும் எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேசைக்குக் கொண்டுவந்தால், பிரதி ஓடும்போதும் வட்டம் வட்டமாகவே வருகிறது. செல்லைத் தொடவே இல்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதால்தான் இந்த விடை கிடைத்தது. தாளையும் கேபிளையும் செல்லையும் ஒரே மூச்சில் மாற்றியிருந்தால் தொல்லை போயிருக்கும், காரணம் தெரிந்திருக்காது. சுத்தம் செய்த வில்லை, வெள்ளைத் தாள், ஒரு சாண் தூரத்தில் ரிசீவர், புது அல்கலைன் செல் எல்லாம் இருந்தும், வேறு கணினியிலும் அதே வட்டம் மூடவில்லை என்றால் ஒளியுணரியோ வில்லையோ கெட்டுவிட்டது. மலிவான மவுஸில் அதைப் பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது, புதிது வாங்கிவிடலாம். ஆனால் அதுவரை பொறுங்கள். கையை எடுத்த பிறகும் அம்புக்குறி நடுங்கினால் வில்லையை ஊதுங்கள், தாளை விரியுங்கள். நின்று நின்று தாவினால் ரிசீவரை டிஸ்க்கிடமிருந்து பிரித்து வையுங்கள். அடியோடு அறுந்து அறுந்து வந்தால் மட்டும் செல்லை மாற்றுங்கள்.